கோழியைப் பற்றிப் பேசட்டும்: சொல்லாமல் சொல்லும் உரையாடல் எழுதும் முறை

பெஸ்தாரி ஜெயா பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. வீட்டில் பெரிய விஷயம் ஒன்று பேச வேண்டியிருக்கும். எல்லாரும் அதற்காகத்தான் வந்திருப்பார்கள். ஆனால் பேச்சு தேத்தண்ணியில் தொடங்கி, மழையில் போய், யாரோ ஒருவருடைய மோட்டார் பிரேக்கில் முடியும். வந்தவர் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், வந்த காரியத்தை யாரும் வாய்விட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். ஆனாலும் யார் என்ன நினைக்கிறார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

இதைக் கதையில் கொண்டுவர முயன்று தடுமாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரின் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, முதல் தாளிலிருந்து கடைசித் திருத்தம் வரை செய்து காட்டுகிறேன்.

காட்சி இது. ஒரு பழைய ரப்பர் தோட்டம் கைமாறிவிட்டது. லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர் அங்கே தனியாக இருக்கிறார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. மகள் சாந்தி ரவாங்கில் இருக்கிறாள், மாமியாரோடு. மகன் குமார் கிள்ளானில், மலிவுவிலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அப்பா கோயிலுக்குப் போயிருக்கிறார். அவரை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் விஷயம்.

முதலில் உண்மையைக் கொட்டி எழுதுங்கள்

உள்ளோட்டம் உள்ள உரையாடலை நேராக எழுத உட்காராதீர்கள். ஒரு தனித் தாளில், இருவரும் மனதில் இருப்பதை அப்படியே போட்டு உடைப்பதாக ஒரு பக்கம் எழுதுங்கள். இந்தப் பக்கம் கதைக்குள் வராது. ஆனால் இது இல்லாமல் எழுதினால், பாத்திரங்கள் எதைத் தவிர்க்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். வெறும் பொழுதுபோக்குப் பேச்சாகத்தான் காட்சி அமையும்.

நம் காட்சிக்கு அந்தப் பக்கம் இப்படித் தொடங்கும்:

“அப்பாவை நீதான் கூட்டிட்டுப் போகணும், நீதான் மகன்.”
“என்னால முடியாது. குடிச்சிட்டு வந்து என்னை அடிச்ச மனுசன். என் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல அவர வைக்க எனக்குப் பயமா இருக்கு.”
“அதெல்லாம் முடிஞ்சு போச்சு. என் மாமியார்கிட்டக் கேக்கவே எனக்குத் தைரியம் இல்ல.”

எழுதி முடித்ததும், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாக்கியத்தை வடித்தெடுங்கள். கூடவே, அதை ஏன் சொல்ல முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். சாந்தி மாமியாருக்குப் பயப்படுகிறாள். அதைச் சொன்னால், திருமணமாகி இத்தனை வருடம் ஆகியும் அந்த வீட்டில் தனக்கு ஒரு பேச்சும் இல்லை என்று தம்பி முன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும். குமாருக்கு அப்பா மேல் பயம் இன்னும் போகவில்லை. அவன் அடிவாங்கிய வருடங்களில் அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். அதனால் அவளுக்குப் பாதிதான் தெரியும் என்று அவன் நினைக்கிறான்.

இருவர் மறைப்பதும் வெவ்வேறாக இருப்பதைக் கவனியுங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருவரையும் ஒரே காரணத்துக்காகப் பேசாமல் இருக்க வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்பார்கள், இழுபறி இருக்காது. மறைப்பது வேறாக இருந்தால்தான் ஒருவர் தெரியாமல் சொன்ன சொல் மற்றவரின் புண்ணில் படும்.

அப்புறம் மேலே ஓடும் பேச்சைத் தேடுங்கள்

இருவரும் வாயால் எதைப் பற்றிப் பேசுவார்கள்? இங்கே நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். அந்த விஷயம் அந்த வீட்டில் நிஜமாகவே இன்று பேசியாக வேண்டியதா? அதற்கென்று யாராலும் மாற்ற முடியாத நடைமுறை ஏதாவது உண்டா? அது இருவரையும் ஒரு முடிவுக்கு நெருக்குமா?

வானிலை இந்த மூன்றிலும் தோற்கும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. செக்காவ் தம் ‘செர்ரித் தோட்டம்’ (1904) நாடகத்தின் கடைசி அங்கத்தில் குளிரையும் உடைந்த வெப்பமானியையும் வைத்தே ஒரு திருமணப் பேச்சு நடக்காமல் போவதைக் காட்டினார். ஆனால் அங்கே வீடு காலியாகிக்கொண்டிருக்கிறது, புறப்படும் நேரம் நெருங்குகிறது, மூன்று அங்கங்களாக நாம் அந்த இருவரையும் பார்த்திருக்கிறோம். அவ்வளவு பின்னணி நம் சிறுகதையில் கிடைக்காது. நமக்குக் கையில் பிடிக்கக்கூடிய ஒன்று வேண்டும்.

நான் கோழியைத் தேர்ந்தெடுத்தேன். லயத்து வீட்டில் கோழி இருக்கும். வீட்டைக் காலி செய்தால் கோழியை என்ன செய்வது என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். கோழிக்கென்று சில நியதிகள் உண்டு. பகலில் துரத்தினால் சிக்காது. இருட்டி அடைந்த பிறகுதான் கையில் வரும். அடைக்கு வைத்த முட்டை பொரிக்க இருபத்தொரு நாள் ஆகும். நடுவில் இடம் மாற்றினால் அடைக்கோழி பெரும்பாலும் முட்டையை விட்டுவிடும். பாத்திரங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இவை மாறாது. இந்த உறுதிதான் பேச்சைக் கீழே இருக்கும் விஷயத்தை நோக்கித் தள்ளும்.

வாசகருக்கு எது தெரிந்திருக்க வேண்டும்?

இதில் பலரும் தவறுகிறார்கள். மர்மம் வேண்டும் என்று கடிதத்தையே மறைத்துவிடுகிறார்கள். பாத்திரங்களுக்குத் தெரிந்த அடிப்படைத் தகவல் வாசகருக்குத் தெரியாவிட்டால், கோழிப் பேச்சு வெறும் கோழிப் பேச்சுதான். ஆகவே காட்சி தொடங்கும்போதே ஒரு தகவலை வெளிப்படையாக வைத்துவிடுங்கள். ஒன்று போதும்:

முருகன் படத்துக்குப் பின்னால் அந்த நீளக் கவர் செருகியிருந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். இன்று இருபத்திரண்டு.

அப்பா குடித்ததையோ அடித்ததையோ இங்கே சொல்லவில்லை. அதை வாசகர் பேச்சிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். சூழ்நிலையைச் சொல்லிவிட்டேன், காயத்தை வைத்துக்கொண்டேன்.

இப்போது உரையாடல்

“பசியாறிட்டியா?”

“வர்ற வழியில பசியாறிட்டேன்க்கா.”

“தோசை ஊத்தியிருக்கேன்.”

“சரி, ஒண்ணு வை. அப்பா?”

“கோயிலுக்குப் போயிருக்கார். கோழிக்குத் தீனி வச்சிட்டுத்தான் போனார்.”

“எத்தன இருக்கு இப்ப?”

“சேவலோட ஏழு. ஒண்ணு அடையில இருக்கு.”

“எப்ப வச்சது?”

“பத்து நாளாச்சு.”

குமார் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தான்.

“இன்னும் பதினோரு நாளு இருக்கேக்கா.”

“ம்.”

“மத்த ஆறையும் வித்துடலாம். கடைக்கார அங்கிள் எடுத்துக்குவார்.”

“அப்பாகிட்ட யார் சொல்றது?”

“பிளாட்டுல கோழி வைக்க முடியாதுக்கா. மூணாவது மாடி.”

“நான் பிளாட்டுன்னு சொல்லலையே.”

தோசைக்கல்லில் அவள் தண்ணீர் தெளித்தாள்.

“ரவாங்குல பின்னால எடம் இருக்குல்ல?”

“இருக்கு. அத்தை பூச்செடி வச்சிருக்காங்க.”

“எல்லா எடத்துலயுமா?”

“இன்னொண்ணு வைக்கவா?”

“போதும்.”

“சின்னவன் ராத்திரியில தூங்குறானா?”

“சின்னச் சத்தம் கேட்டாலும் முழிச்சிக்கிறான். சேவல் கூவினா அவ்வளவுதான்.”

“அப்பா இப்பல்லாம் சத்தமே போடுறதில்ல, தம்பி.”

குமார் எழுந்து கை கழுவப் போனான். குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

“நான் சேவலச் சொன்னேன்,” என்றான் அங்கிருந்தே.

“தெரியும்.”

“மத்தியானம் கெளம்பணும்க்கா.”

“கோழி இருட்டினாத்தான் கையில வரும்.”

அவன் ஈரக் கையோடு வாசலில் நின்றான். கொல்லையில் சேவல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

“கூடை இருக்கா?”

இந்த வரிகளில் என்ன நடக்கிறது

தொடக்கத்தில் வரும் ‘பசியாறிட்டியா’ நம் நாட்டுத் தமிழில் கிட்டத்தட்ட வணக்கம் மாதிரி. ஆனால் அவன் பசியாறிவிட்டே வந்திருக்கிறான். அக்கா சமைத்து வைத்திருப்பாள் என்று தெரிந்தும் கடையில் சாப்பிட்டவன், அதிக நேரம் உட்காரும் எண்ணத்தில் வரவில்லை. இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக்காரர் யாருக்கும் அது உறைக்கும்.

பத்து நாள், பதினோரு நாள் என்று எண்கள் வருகின்றன. வாசகர் கையில் இருபத்திரண்டும் முப்பத்தொன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. குஞ்சு பொரிக்கும்போது இந்த வீடு இருக்காது என்பதை அவரே கூட்டிக் கழித்துத் தெரிந்துகொள்வார். நான் முதலில் எழுதியபோது “அதுக்குள்ள வீட்ட இடிச்சிடுவாங்களே” என்று குமார் சொல்வதாக ஒரு வரி இருந்தது. அதை எடுத்த பிறகுதான் “ம்” என்ற பதிலுக்கு எடை வந்தது.

“அப்பாகிட்ட யார் சொல்றது?” என்று அவள் கேட்கிறாள். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறான்: பிளாட்டில் முடியாது. தவிர்ப்பதற்கு மிக எளிய வழி இதுதான். கேட்ட கேள்விக்கு அல்லாமல், தான் பயந்துகொண்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பது. அவள் அதைப் பிடித்துக்கொள்கிறாள்: “நான் பிளாட்டுன்னு சொல்லலையே.” இந்த இடத்தில் இருவருக்கும் தெரிந்துவிட்டது, பேச்சு கோழியைப் பற்றியது இல்லை என்று. அதனால்தான் அடுத்த நொடி அவள் தண்ணீர் தெளிக்கிறாள்.

பூச்செடி வரியில் மாமியார் முழுதாக இருக்கிறார். அந்த வீட்டின் கொல்லைகூட யாருடையது என்பது தெரிகிறது. அவன் அதற்கு மேல் குத்தும்போது அவள் தோசைக்கு ஓடுகிறாள். ஒருவர் விடாமல் கேட்டால் மற்றவர் கைவேலைக்கு ஒதுங்குவார். கையில் வேலை இல்லாத பாத்திரம் ஒதுங்க இடமில்லாமல் சீக்கிரம் உடைந்துவிடும். அதனால்தான் இந்தக் காட்சியைத் தோசைக்கல் முன்னால் வைத்தேன்.

பிறகு அந்த வரி: “அப்பா இப்பல்லாம் சத்தமே போடுறதில்ல, தம்பி.” உள்ளே இருப்பது மேலே தெரியும் ஒரே இடம் இதுதான். ஒரு காட்சிக்கு ஒரு கசிவு போதும் என்பது என் அனுபவம். இரண்டானால் வாசகர் பாத்திரங்களை விட்டு உத்தியைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார். கசியும் வரி இரண்டு வேலை செய்ய வேண்டும். அக்காவுக்குப் பாதிதான் தெரியும் என்று தம்பி நம்பியிருந்தான், அது பொய்யென்று காட்டுகிறது. அதே நேரம் அவள் அவனைக் கெஞ்சுகிறாள் என்றும் காட்டுகிறது. இதுவரை அவனை எந்த முறைச்சொல்லாலும் அழைக்காதவள் இங்கேதான் ‘தம்பி’ என்கிறாள். அந்தச் சொல்லை இந்த இடத்துக்காகவே முன்னால் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

கசிந்ததும் உடனே மூடிவிட வேண்டும். “நான் சேவலச் சொன்னேன்.” அது உண்மையும்தான், பொய்யும்தான்.

நம் மொழியே தரும் கருவிகள்

தமிழில் எழுதுகிறவருக்குச் சில வசதிகள் கூடவே கிடைக்கின்றன. ‘நாம’, ‘நாங்க’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாந்தி “நாம பாத்துக்கலாம்” என்றால் தம்பியையும் சேர்த்துக்கொள்கிறாள். குமார் “நாங்க பாத்துக்குறோம்” என்றால் அவனும் அவன் மனைவியும் ஒரு பக்கம், அக்கா வெளியே. காட்சி முழுக்க ‘நாம’ என்று பேசியவர் ஓரிடத்தில் ‘நாங்க’ என்று மாறினால், அங்கே ஒரு கதவு சாத்தப்பட்டுவிட்டது.

விடைபெறும்போது நாம் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போயிட்டு வர்றேன்’ என்போம். கோபத்தில் கிளம்பும் ஒருவர் ‘நான் போறேன்’ என்று மட்டும் சொன்னால் வீட்டில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். வேறொரு கோபச் சொல்லும் தேவையில்லை.

ஊர்ப் பெயரும் உதவும். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிய ஊரை இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா பழைய பெயரையும், மகன் பெயர்ப்பலகையில் இருப்பதையும் சொன்னால் தலைமுறை வித்தியாசம் தானாக வந்துவிடும். ஆனால் இதை ஒரு தடவைக்கு மேல் செய்தால் துருத்தும். ‘லா’ சேர்ப்பதும் அப்படித்தான். வரிக்கு வரி ‘லா’ போட்டால் மலேசியப் பேச்சு வந்துவிடாது.

எங்கே கெட்டுப்போகும்

முதல் ஆபத்து, கோழியே அப்பாவாகிவிடுவது. கோழியைப் பற்றிய எல்லா வரியும் அப்பாவுக்கும் பொருந்தினால் அது விடுகதை. என் வரைவில் “வயசான கோழிய யாரும் வாங்க மாட்டாங்க” என்று ஒரு வரி வந்தது. எழுதும்போது பிடித்திருந்தது, மறுநாள் படித்தபோது நீக்கினேன். சோதிக்க ஒரு வழி இருக்கிறது: கோழி பற்றிய வரிகளை மட்டும் தனியாகப் படியுங்கள். அவற்றில் பாதியாவது கோழிக்கு மட்டுமே பொருந்த வேண்டும். “சேவலோட ஏழு” என்பது வெறும் கணக்கு. அது இருப்பதால்தான் மற்றவை நம்பும்படி இருக்கின்றன.

இரண்டாவது, கதைசொல்லி குறுக்கே வந்து விளக்குவது. ‘குமாரின் நெஞ்சில் பழைய நினைவுகள் அலைமோதின’ என்று ஒரு வாக்கியம் போட்டால், குழாய்த் தண்ணீர் ஓடியது வீணாகிவிடும். இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். மூன்று புள்ளி வைப்பதும் இந்த வகைதான். “அப்பா இப்பல்லாம்... சத்தமே...” என்று எழுதினால், இங்கே உணர்ச்சி இருக்கிறது என்று கைகாட்டியதாகிவிடும். சாந்தி அதைச் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பாள்.

முடித்ததும், கதை தெரியாத ஒருவரிடம் காட்சியை மட்டும் கொடுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்பார்கள். ‘இந்த இரண்டு பேரும் எதற்குப் பயப்படுகிறார்கள்?’ என்று கேளுங்கள். ‘அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்பது பிரச்சினை. தம்பிக்கு அப்பாவோடு ஏதோ பழைய கசப்பு. அக்காவுக்கு மாமியார் வீட்டில் சுதந்திரம் இல்லை’ என்ற அளவு வந்தால் போதும். அடித்தார் என்ற சொல்லே வர வேண்டியதில்லை. ‘கோழியை விற்பதில் சண்டை’ என்று பதில் வந்தால் மேல்வரியில் ஒரு தகவலைக் கூட்டுங்கள், உரையாடலைத் தொடாதீர்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

இன்னொரு முறை எழுதிப் பாருங்கள், அப்பாவை வீட்டில் வைத்து

சங்க அகப்பாடல்களின் அடியில் ‘தலைமகன் சிறைப்புறத்தானாக’ என்று ஒரு குறிப்பு அடிக்கடி வரும். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுவதுபோல அவன் காதில் விழும்படி பேசுகிறாள். சொல்வது ஒருவருக்கு, சேர வேண்டியது இன்னொருவருக்கு. கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உள்ள இந்த உத்திக்கு லயத்து வீட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பழைய லயங்களில் அறைக்கு அறை பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அதே உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கோயிலுக்குப் போகவில்லை, பலகைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார், தூங்குகிறாரா என்று தெரியாது. வரிகள் பெரிதாக மாற வேண்டியதில்லை. “அப்பாகிட்ட யார் சொல்றது?” என்ற கேள்வியைச் சாந்தி கேட்கவே மாட்டாள், அதை எடுத்துவிடுங்கள். “மூணாவது மாடி” என்பதைக் குமார் கொஞ்சம் சத்தமாகச் சொல்வான். மாடிப்படி ஏற முடியாத காரணத்தை அப்பாவுக்கே கொடுத்துவிடப் பார்க்கிறான். “அப்பா இப்பல்லாம் சத்தமே போடுறதில்ல” என்ற வரி மூன்று பேருக்கும் மூன்று விதமாகக் கேட்கும். தம்பிக்கு அது கெஞ்சல். அக்காவுக்கு அது சாட்சி சொல்வது. பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு, தான் செய்தது இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்ற செய்தி.

“கூடை இருக்கா?” என்று குமார் கேட்கிறான். சாந்தி பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வருகிறது:

“அடுப்படிக்குப் பின்னால இருக்கு. பிடி ஒண்ணு அறுந்திருக்கும், பாத்துத் தூக்கு.”